சொல்லாமல் சொல்வது

கேள்வி: "மகன் தன்னை மறந்துவிட்டானே என்று அம்மா வேதனைப்பட்டாள்." இந்த வரியை எப்படி மறைமுகமாக்குவது?

பதில்: அம்மா இதை யாரிடம் மறைப்பாள் என்று முதலில் யோசியுங்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம்தானே? அவளிடம் அம்மாவையே பேச வையுங்கள்:

"ஞாயித்துக்கிழமை தவறாம பேசிடுவான். ஆமா, இந்த போன்ல மணி அடிக்குதான்னு ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்."

முதல் வாக்கியம் பெருமை. இரண்டாவது அதைப் பொய்யாக்குகிறது. தான் காட்டிக்கொடுத்துவிட்டது அவளுக்கே தெரியாது. முரண் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அம்மா மகனின் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழுதான போன் என்றே படிப்பார். முந்தைய பக்கத்தில், சமைக்கும்போதும் போனை அடுப்பு மேடையில் வைத்துக்கொள்கிறாள் என்று போகிறபோக்கில் எழுதுங்கள். வசனத்துக்குப் பின் "என்றாள் ஏக்கத்தோடு" என்று மட்டும் சேர்க்காதீர்கள். மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும்.