பக்கத்து வீட்டு சத்தமா, நம்ம வீட்டு மீட்டரா?

இந்த வார எபிசோடில மல்டி-டெனன்சி பத்திப் பேசினப்போ ஒரு கேள்வியை வேகமா தாண்டிட்டோம். நம்ம கிளவுட் சர்வர் மெதுவாகும்போது, அதே ஹார்டுவேர்ல இருக்கிற இன்னொரு வாடிக்கையாளர்தான் காரணம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? நானே ஒருமுறை தப்பா அவங்க மேல பழி போட்டிருக்கேன். அதனால இங்க நிதானமா பார்ப்போம்.

ஒரு பெரிய சர்வரை ஹைப்பர்வைசர் என்கிற மென்பொருள் பல விர்ச்சுவல் மெஷின்களா பிரிச்சுக் கொடுக்குது. மெமரிக்கு உறுதியான சுவர் உண்டு. யாருக்கு எந்தப் பகுதின்னு பிராசசரே அட்டவணை பார்த்துத்தான் அனுமதிக்கும், அதனால பக்கத்து மெஷின் நம்ம மெமரியைப் படிக்க முடியாது. விலை குறைஞ்ச மெஷின்கள்ல சிபியு அப்படி இல்ல. ஒரே கோரை பல பேர் முறை வச்சுப் பயன்படுத்துறாங்க. நமக்கு வேலை இருந்தும் நம்ம முறை வராம காத்திருந்த நேரத்துக்குப் பேர் ஸ்டீல் டைம். லினக்ஸ்ல `top` போட்டா, சிபியு வரியில `st`ன்னு தெரியும்.

இப்போ ஒரு கணக்கு. ஒரு சின்ன கடையோட வெப்சைட் அமேசானோட t2.micro மெஷின்ல, ஸ்டாண்டர்டு முறையில ஓடுதுன்னு வச்சுக்குவோம். வாரம் முழுக்க பெரிசா வேலை இல்ல. திங்கட்கிழமை காலை 6 மணிக்கு மட்டும் ஒரு ரிப்போர்ட் ஓடும். சிபியு முழுசா கிடைச்சா அது 3 மணி நேர வேலை, 9 மணிக்கு முடியணும். ஆனா 8:40 வாக்கில எல்லாம் படுத்துடுது. `top` இப்படிக் காட்டுது:

```
%Cpu(s):  9.0 us,  1.0 sy,  0.0 ni,  0.0 id,  0.0 wa,  0.0 hi,  0.0 si, 90.0 st
```

"திங்கட்கிழமை காலை எல்லாரும் வேலைக்கு வந்துட்டாங்க, பக்கத்து மெஷின் நம்ம சிபியுவைத் திங்குது"ன்னு தோணும். நம்புற மாதிரிதான் இருக்கு. ஆனா தப்பு.

இந்த மெஷின் மணிக்கு 6 கிரெடிட் சம்பாதிக்கும், அதிகபட்சம் 144 வரை சேர்த்து வைக்கும். ஒரு கிரெடிட்னா ஒரு நிமிஷம் முழு சிபியு. முழு வேகத்தில ஓடினா மணிக்கு 60 செலவு, 6 வரவு. ஆக மணிக்கு 54 குறையுது. 144ஐ 54ஆல வகுத்தா 2 மணி 40 நிமிஷம். கிரெடிட் தீர்ந்ததும் அமேசான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமா 10 சதவீதத்துக்கு இறக்கிடும். மீதி 90 சதவீதம்தான் அந்த `st`. பாக்கி இருந்த 20 நிமிஷ வேலைக்கு இனி 200 நிமிஷம் ஆகும். 9 மணிக்கு முடிய வேண்டியது மதியம் 12 வாக்கில முடியும். இங்க சத்தம் போட்டது யாரும் இல்ல, நம்ம மீட்டர்தான் தீர்ந்துபோச்சு.

அப்போ வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எண்ணோட அளவை விட அதோட போக்கைப் பாருங்க. வரம்பில மோதினா `st` ஒரே இடத்துல அசையாம நிக்கும், கிளவுட்வாட்ச்ல `CPUCreditBalance` பூஜ்யத்தைத் தொட்டிருக்கும். கிரெடிட் மிச்சம் இருக்கும்போதே `st` 5, 30, 12ன்னு காரணமில்லாம குதிச்சா, அப்போதான் பக்கத்து வீட்டைச் சந்தேகப்படலாம். அந்த நிலையில மெஷினை ஸ்டாப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணினா பெரும்பாலும் வேற ஹார்டுவேருக்குப் போயிடும். ரீபூட் பண்ணினா அதே இடத்திலதான் இருக்கும். கிரெடிட் பிரச்சினைக்கு இது நிரந்தர மருந்தில்ல. அதுக்கு வேலையைப் பிரிச்சு ஓட்டணும், இல்லன்னா பெரிய மெஷின் எடுக்கணும். t3 வகையில அன்லிமிடெட் முறைதான் வழக்கமா ஆன்ல இருக்கும். அங்க வேகம் குறையாது, ஆனா கூடுதல் பயன்பாடு பில்லுல வந்து நிக்கும்.

இந்த வரம்பே ஒரு தடுப்புச் சுவர்தான். நம்ம ரிப்போர்ட் நாள் முழுக்க கோரைப் பிடிச்சு வச்சா, பக்கத்துல இருக்கிறவருக்கு நாமதான் சத்தக்காரர். கொஞ்சம் கூடுதல் காசு கொடுத்தா கிரெடிட் இல்லாத, கோரே நமக்குன்னு ஒதுக்கின மெஷின் கிடைக்கும். அதுக்கும் மேல, முழு சர்வரையும் தனியா எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: `st` பூஜ்யமா இருந்தா பக்கத்து வீடு அமைதின்னு அர்த்தம் இல்ல. கோர் தனியா இருந்தாலும், ஒரே சிப்புல இருக்கிறவங்க கேஷையும் மெமரிக்குப் போற பாதையையும் பங்கு போடலாம். அங்க நெரிசல் வந்தா `st` காட்டாது. அதே வேலை அதே `us` அளவோட ஓடும், ஆனா நேரம் மட்டும் கூடும். அதனால உங்க வேலை வழக்கமா எவ்வளவு நேரம் எடுக்கும்னு முன்னாடியே குறிச்சு வச்சிருங்க. ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் இல்லன்னா, யார் மேலயும் பழி போட முடியாது.