குழாய் ரெண்டு வாரமா ஒழுகுது: இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

ஓசூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. வீட்டு ஓனர் பெங்களூருவில் இருக்கிறார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் அம்மா சொல்லி நான் எழுதிய மெயில் இது:

"டியர் சார், த கிச்சன் டேப் ஹேஸ் பீன் லீக்கிங் ஃபார் டூ வீக்ஸ். இட் ஃபில்ஸ் எ ஒன் லிட்டர் பாட்டில் இன் ஃபார்ட்டி மினிட்ஸ். வீ ஹேவ் சேஞ்ச்டு த வாஷர் ட்வைஸ். குட் யூ ப்ளீஸ் செண்ட் எ ப்ளம்பர்? வுட் யூ மைண்ட் டெல்லிங் அஸ் த டே? தேங்க் யூ."

முதல் வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் "ஒழுகுது" என்று நிகழ்காலம் போட்டாலே போதும். "ரெண்டு வாரமா" என்பது மீதியைச் சொல்லிவிடும். அதை அப்படியே மாற்றி நம்மில் பலர் "இஸ் லீக்கிங் சின்ஸ் டூ வீக்ஸ்" என்று எழுதுகிறோம். அது தப்பு. முன்பே தொடங்கி இன்னும் நடக்கிற செயலுக்கு "ஹேஸ் பீன்" அல்லது "ஹேவ் பீன்" போட்டு, வினையோடு "இங்" சேர்க்க வேண்டும்.

"ஃபார்", "சின்ஸ்" குழப்பத்துக்குத் தமிழிலேயே வழி இருக்கு. "ரெண்டு வாரமா" என்று கால அளவு வந்தால் ஃபார். "திங்கட்கிழமையிலிருந்து" என்று தொடங்கிய நேரம் வந்தால் சின்ஸ்.

ஆனால் வாஷரை ரெண்டு தடவை மாற்றியது முடிந்துபோன வேலை. எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லும்போது "பீன்... இங்" வராது. அதனால்தான் "ஹேவ் சேஞ்ச்டு ட்வைஸ்".

அடுத்து மரியாதை. நாம் "அனுப்புங்க" என்றால் அந்த "ங்க"விலேயே மரியாதை வந்துவிடும். இங்கிலீஷில் அப்படி ஒரு விகுதி கிடையாது. "ப்ளீஸ் செண்ட்" என்றாலும் கட்டளை மாதிரிதான் கேட்கும். அதனால் கேள்வியாக மாற்றுகிறார்கள். "குட்" என்பது "கேன்" என்பதன் இறந்தகால வடிவம்தான்; ஆனால் இங்கே அது நடந்து முடிந்ததைச் சொல்லவில்லை, பணிவைக் காட்டுகிறது. "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று எழுதினால் என்ன செய்யணும் என்றே தெரியாது. ப்ளம்பர் வேணும் என்றால் ப்ளம்பர் என்றே எழுதணும்.

மறுநாள் பதில் வந்தது: "நாட் அட் ஆல். சாட்டர்டே மார்னிங்." அம்மா, "என்னடா, முடியவே முடியாதுங்கறாரா?" என்றார். இல்லை! "வுட் யூ மைண்ட்" என்றால் "உங்களுக்கு ஏதும் ஆட்சேபனை உண்டா?" என்று பொருள். "நாட் அட் ஆல்" என்றால் ஆட்சேபனையே இல்லை, அதாவது சம்மதம்.

குழாய் ஒரு நாளைக்கு 36 லிட்டர் வீணாக்குவதாகக் கணக்கு. சனிக்கிழமை வரை வாளி வைத்துப் பிடிக்கிறோம்.

பயிற்சி: "நேத்து சாயங்காலத்திலிருந்து மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு." இங்கிலீஷில் எழுதுங்கள். ஃபாரா, சின்ஸா? விடை அடுத்த இதழில்.