ஓடுகிற டிவியை நிறுத்தி வைக்கலாம், பென் டிரைவில் பதியலாம்

திருச்சுழிக்குப் பக்கத்தில் என் மாமாவுக்குக் கொஞ்சம் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. முண்டு மிளகாயும் மல்லியும் போடுவார். ஒரு விவசாய நிகழ்ச்சிக்காக அதைப் படம் பிடித்துப் போனார்கள். ஒளிபரப்பு நாளில் மாமா கரிமூட்டத்துக் கணக்கை முடிக்க அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தார். நிகழ்ச்சி தொடங்கியதும் அத்தை ரிமோட்டில் Pause பட்டனை அழுத்திவிட்டார். படம் அப்படியே நின்றது. மாமா வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். பேரன் வந்து கார்ட்டூன் சேனலுக்கு மாற்றினான். மாமா வந்தபோது பென் டிரைவில் ஒன்றுமே இல்லை.

"நிப்பாட்டித்தானய்யா வச்சேன், எங்க போச்சு?" என்று அத்தை போனில் கேட்டார். இந்தக் கேள்விக்கான பதில் புரிந்தால், பாக்ஸில் பென் டிரைவ் செருகி என்னென்ன செய்யலாம் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். பென் டிரைவை எங்கே செருகுவது? டிவியின் பின்னாலும் ஒரு யுஎஸ்பி துளை இருக்கும், செட் டாப் பாக்ஸிலும் ஒன்று இருக்கும். நம் பக்கத்தில் சேனலைப் பிடித்துத் தருவது பாக்ஸ்தான். டிவி, ஒயர் வழியாக வரும் படத்தைக் காட்டும் வேலையை மட்டும் செய்கிறது. அப்படி வரும் படத்தை டிவியால் பதிய இயலாது. எனவே பென் டிரைவ் பாக்ஸில்தான் இருக்க வேண்டும். டிவியில் செருகிவிட்டு ரெக்கார்ட் மெனுவைத் தேடி அலைபவர்கள் நிறையப் பேர்.

மாமா வீட்டில் இருப்பது மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய அதே சேவைதான். இதில் பெரும்பாலான சேனல்கள் பூட்டுப் போடாமல் வருகின்றன. ஆகவே கடையில் விற்கும் சாதாரண பாக்ஸ்கள் பலவும் அவற்றைப் பென் டிரைவில் பதிந்துவிடும். அந்தப் பைலைக் கம்ப்யூட்டரிலும் பார்க்கலாம். கட்டண டிடிஎச் பாக்ஸ்களில் பதிவு வசதி இருந்தாலும், பைலைப் பெரும்பாலும் பூட்டியே எழுதும். பதிந்த அதே பாக்ஸில் மட்டும்தான் ஓடும்.

இனி அத்தையின் கேள்விக்கு வருவோம். வானிலிருந்து வரும் ஒளிபரப்பை யாராலும் நிறுத்த முடியாது. Pause அழுத்தியதும் பாக்ஸ் திரையில் ஒரு படத்தை நிறுத்திவிட்டு, தொடர்ந்து வருவதைப் பென் டிரைவில் எழுதத் தொடங்குகிறது. மெனுவில் இதற்கு Timeshift என்று பெயர். நீங்கள் Play அழுத்தினால், விட்ட இடத்திலிருந்து படித்துக் காட்டும். அதே நேரத்தில் புதிதாக வருவதையும் எழுதிக்கொண்டே போகும். 20 நிமிடம் நிறுத்தினால் அதன்பின் நீங்கள் ஊரைவிட 20 நிமிடம் பின்தங்கிப் பார்க்கிறீர்கள். விளம்பரங்களை வேகமாக ஓட்டித்தான் அந்த இடைவெளியைக் குறைக்க முடியும்.

இந்த எழுத்து தற்காலிகமானது. சேனலை மாற்றினாலோ, பாக்ஸை அணைத்தாலோ, கரண்ட் போனாலோ அழிந்துவிடும். அதற்கென ஒதுக்கிய இடம் நிறைந்துவிட்டால் சில பாக்ஸ்கள் பழைய பகுதியை அழித்து அதன்மேல் எழுதும். சில, நிறுத்தி வைத்ததைத் தாமாகவே ஓட்டத் தொடங்கிவிடும். அத்தை நிறுத்தினார், ஆனால் பதியவில்லை. சேனல் மாறியதும் பாக்ஸ் தன் வேலை முடிந்தது என்று அழித்துவிட்டது. நிரந்தரமாக வேண்டுமென்றால் REC பட்டனைத்தான் அழுத்த வேண்டும். அப்போதுதான் பெயரும் தேதியும் கொண்ட பைல் உருவாகும்.

அதே நிகழ்ச்சி அடுத்த வாரம் மாலை 6:30க்கு மறு ஒளிபரப்பு என்று தெரியவந்தது. இந்த முறை தவறவிட்டால் கிடைக்காது. அந்த வார இறுதியில் நான் ஊருக்குப் போனேன்.

முதலில் பென் டிரைவ். 32 ஜிபி கொண்ட ஒன்றை வாங்கிப் போனேன். இதைப் பாக்ஸின் மெனுவிலேயே Format செய்வது நல்லது. அந்த வசதி இல்லாவிட்டால் கம்ப்யூட்டரில் செருகி, டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து Format தேர்ந்தெடுக்கவும். File system என்ற இடத்தில் FAT32 என்பதைத் தேர்ந்தெடுத்து Start அழுத்தவும். உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ ஏதும் இருந்தால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ளவும்.

அடுத்து இடக் கணக்கு. இதற்குப் பட்டியல் எதையும் நம்ப வேண்டாம், ஏனென்றால் சேனலுக்குச் சேனல் மாறும். வேண்டிய சேனலைப் போட்டு 10 நிமிடம் பதிந்து, பைலின் அளவைப் பாருங்கள். எங்களுக்கு 180 எம்பி வந்தது. ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு 1080 எம்பி, அதாவது சுமார் 1.1 ஜிபி. 32 ஜிபி என்று அட்டையில் எழுதியிருக்கும் பென் டிரைவைக் கம்ப்யூட்டர் 29 ஜிபி அளவுக்குத்தான் காட்டும். இருவரும் கணக்கிடும் முறை வேறு, கடைக்காரர் ஏமாற்றவில்லை. அந்தப் பாக்ஸில் டைம்ஷிப்டுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று நாமே சொல்லலாம். 4 ஜிபி கொடுத்தேன். சாதாரண சேனலில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்க அது போதும். மீதி 25 ஜிபியில் ஏறத்தாழ 23 மணி நேரம் பதியலாம்.

எச்டி சேனலில் கதையே வேறு. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் சேனல் மணிக்கு 3.6 ஜிபி தின்னும். அதே 25 ஜிபி 7 மணி நேரத்துக்கே சரியாகிவிடும். இங்கே இன்னொரு தடையும் உண்டு. FAT32 முறையில் ஒரு தனிப் பைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நல்ல பாக்ஸ்கள் பைலைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதி, ஓட்டும்போது சேர்த்துக் காட்டும். அப்படிப் பிரிக்கத் தெரியாத பாக்ஸ் 4 ஜிபி ஆனதும் பதிவை நிறுத்திவிடும். எச்டியில் பதிந்த சினிமா இடைவேளைக்கு முன்பே நின்றுபோனால், பைலின் அளவைப் பாருங்கள். 4 ஜிபியை ஒட்டி இருந்தால் காரணம் இதுதான். உங்கள் பாக்ஸ் ஏற்றுக்கொண்டால் NTFS அல்லது exFAT முறையில் ஃபார்மட் செய்து இதைத் தவிர்க்கலாம்.

பென் டிரைவின் வேகம் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். வெறுமனே பதிவதற்கு நொடிக்கு அரை எம்பிகூடத் தேவையில்லை. எச்டிக்கும் ஒரு எம்பி போதும். டைம்ஷிப்டில்தான் சோதனை. ஒரே சமயத்தில் எழுதவும் படிக்கவும் வேண்டியிருப்பதால் மலிவான பென் டிரைவ் அவ்வப்போது மூச்சு வாங்கும். பதிவு செய்த நிகழ்ச்சி ஒழுங்காக ஓடி, நிறுத்தித் தொடரும்போது மட்டும் படம் திக்கித் திக்கி வந்தால் டிரைவை மாற்றுங்கள், பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். திருவிழாக் கடையில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் "1 டிபி" பென் டிரைவ் பக்கமே போகாதீர்கள். உள்ளே கொஞ்ச இடமே இருக்கும், ஆனால் நிறைய இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். முதலில் பதிந்தவை ஓடும், பிறகு பதிந்தவை திறக்கவே திறக்காது.

எல்லாம் தயார் என்று நினைத்து Timer மெனுவில் சேனல், தேதி, தொடக்கம் 18:25, முடிவு 19:10 என்று கொடுத்தேன். சேனல்கள் நேரத்துக்கு நேரம் முன்பின் ஆவதால் இரண்டு பக்கமும் சில நிமிடம் கூடுதலாக விட்டேன். ஒரு முறை சோதித்துவிடலாம் என்று ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்கும்படி வேறொரு டைமரும் வைத்தேன். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. பதிவு தொடங்கவே இல்லை.

திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. மாலை 6:30க்கு அது 1:00 என்று காட்டியது. பாக்ஸ் நேரத்தைச் சிக்னலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால் சிக்னலில் வருவது நம் நேரம் அல்ல, உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அந்த வித்தியாசத்தை நாம்தான் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாததால் பாக்ஸ் பூஜ்ஜியம் என்று வைத்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் மாலை 6:25 நிகழ்ச்சிக்குப் பதில் இரவு 11:55க்கு வருவதைப் பதிந்திருக்கும். மெனுவில் Time என்ற பகுதியில் GMT Offset என்பதை +5:30 என்று மாற்றினேன். கடிகாரம் சரியானது, சோதனை டைமரும் வேலை செய்தது.

அத்தையிடம் இரண்டு விஷயங்கள் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்று, அன்றைக்குச் சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கக் கூடாது. ரிமோட்டில் அணைத்தால் பாக்ஸ் அரைத் தூக்கத்தில் இருந்து நேரம் வந்ததும் எழும். சுவிட்சை அணைத்தால் எழவே எழாது. இரண்டு, பதிவு ஓடும்போது பேரன் வேறு சேனல் கேட்டால் கொடுக்கக் கூடாது. அந்தப் பாக்ஸில் ஒரே ஒரு ட்யூனர்தான். வேறு சேனலுக்குப் போனால் பதிவை நிறுத்தவா என்று கேட்கும், அவன் ஆமாம் என்று அழுத்திவிடுவான்.

கரண்ட்டுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. பதிவு நடுவே கரண்ட் போனால் பைல் சரியாக மூடப்படாது. பாக்ஸ் அதைப் பட்டியலில் காட்டாமலும் போகலாம். அப்படி நேர்ந்தால் உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். பல பாக்ஸ்கள் .ts என்ற வகைப் பைலாக எழுதுகின்றன. இந்த வகைப் பைலுக்கு முடிவுப் பகுதி அவசியமில்லை. கரண்ட் போகும் வரை எழுதியது VLC ப்ளேயரில் பெரும்பாலும் ஓடிவிடும்.

எங்களுக்கு அந்தச் சோதனை வரவில்லை. அத்தை அன்று மாலை ரிமோட்டைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். 45 நிமிடப் பதிவு, 810 எம்பி. அதில் மாமா வருவது ஆறே நிமிடம். மிளகாய்ச் செடியைத் தொட்டுக் காட்டிப் பேசுகிறார். பைலை என் கம்ப்யூட்டரிலும் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் காப்பி செய்து வைத்திருக்கிறேன். பென் டிரைவில் இருப்பதை மாமா இன்னும் அழிக்கவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறார்.