அதிகம் விற்றால் அதிக லாபமா?

திருப்பூரில் டி-ஷர்ட் தைத்து வெளியூர்க் கடைகளுக்கு மொத்தமாக அனுப்பும் ஒரு சிறு யூனிட் முதன்முதலாகக் கேட்டலாக் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வழக்கமாகக் காதில் விழும் பேச்சு மூன்று.

நம்பிக்கை: ரகத்தின் கோடு எண்ணைப் பார்த்தாலே எல்லாம் தெரியவேண்டும்.

விலையைக் கோடுக்குள் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. நூல் விலை ஏறியதும் கோடு பொய்யாகிவிடும். ரகமும் நிறமும் இருந்தால் போதும். அதிலும் கவனம் வேண்டும்: மெரூன் நிறத்துக்கு MAR-18 என்று வைத்தால் எக்செல் அதைத் தேதியாக மாற்றிவிடும். 018 என்று அடித்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். நின்றுபோன ரகத்தின் கோடைப் புது ரகத்துக்குக் கொடுக்கவே கூடாது. பழைய கேட்டலாக்கை வைத்திருக்கும் கடைக்காரர் பழைய சரக்கைத்தான் கேட்பார்.

நம்பிக்கை: குறைந்தபட்ச ஆர்டர் 100 பீஸ் என்று போட்டால் போதும்.

அது பெட்டிக்குப் பொருந்தாத எண். M, L, XL, XXL அளவுகளை 1:2:2:1 என்று கட்டினால் ஒரு செட்டுக்கு 6 பீஸ். 16 செட்டுக்கு 96; மிச்சம் 4 பீஸை எந்த அளவில் போடுவது? உடைத்த செட்டில் மீந்துபோகும் அளவுகள் உங்கள் அலமாரியில்தான் தூங்கும். பெட்டிக்கு 10 செட் என்றால் குறைந்தபட்சம் 60 பீஸ் என்று எழுதுங்கள். நிறங்களைக் கலந்து எடுக்கலாமா என்பதையும் அதே வரியில் சொல்லிவிடுங்கள். தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

நம்பிக்கை: ஆர்டர் கூடக்கூட விலையைக் குறைத்தால் லாபம் தானே கூடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடக்கம் பீஸுக்கு ரூ.110. 299 வரை ரூ.140, 300-லிருந்து ரூ.130 என்று விலைப்பட்டியல். 4 பெட்டி, அதாவது 240 பீஸ் விற்றால் லாபம் ரூ.7,200. 5 பெட்டி, 300 பீஸ் விற்றால் ரூ.6,000. அறுபது பீஸ் கூடுதலாகத் தைத்து, மடித்து, லாரியில் ஏற்றி, ரூ.1,200 குறைவாகச் சம்பாதிக்கிறோம்! சில்லறை செட்டாகவும் கொடுத்தால் இன்னும் வேடிக்கை: 282 பீஸுக்கு ரூ.39,480, 300 பீஸுக்கு ரூ.39,000. விவரமான கடைக்காரர் எதை எடுப்பார்?

அந்த 300-க்கு ரூ.134 போட்டால்தான் பழைய லாபமே தட்டித் தடவி வரும்; ரூ.135 போட்டால் ரூ.7,500. அதற்குக் கீழே இறங்க வேண்டுமானால், பெரிய ஆர்டரில் அடக்கமே குறையவேண்டும். ஒரே நிறத்தில் மொத்தமாகச் சாயம் போடும்போது அது குறையலாம். அப்படியானால் சலுகையை ‘ஒரே நிறத்தில் 300’ என்று கட்டுப்படுத்தி எழுதுங்கள்.

இன்னொன்று, ‘60–300, 300–600’ என்று அச்சடிக்காதீர்கள். சரியாக 300 எடுப்பவர் இரண்டில் குறைந்த விலையைத்தான் கேட்பார்.