செயலி காட்டும் குழந்தை முகம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் போட்டோவையும் கணவர் போட்டோவையும் செயலியில் சேர்த்தபோது ஒரு குழந்தை முகம் வந்தது. எங்கள் பிள்ளை அப்படித்தான் இருக்குமா?
– வாசகி, அனுப்பர்பாளையம்

அது வெறும் ஊகம்தான், சகோதரி. செயலிக்குத் தெரிவது போட்டோவில் உள்ள கண், மூக்கு, வாய், நிறம் மட்டுமே. அவற்றைக் கலந்து குழந்தை முகமாக்குகிறது.

கருவில் நடப்பது வேறு. உங்களிடம் உள்ள 23 ஜோடி குரோமோசோம்களில், ஜோடிக்கு ஒன்றுதான் பிள்ளைக்குப் போகும். எது போகும் என்பதிலேயே சுமார் 84 லட்சம் வகைகள் உண்டு; கணவர் பக்கமும் அவ்வளவே. அதனால்தான் உடன்பிறந்தவர்களுக்கும் முகம் வேறுபடுகிறது. உங்கள் இருவரிடமும் தெரியாத பாட்டியின் மூக்குகூட வரலாம்.

வேறு வெளிச்சத்தில் எடுத்த போட்டோவைப் போட்டுப் பாருங்கள். குழந்தை முகம் மாறிவிடும். உங்கள் மரபணு மாறவில்லையே!