இடுப்பு வலிக்கும் மாலைக் காய்ச்சலுக்கும் டிபி மட்டுமா காரணம்?

மாலையானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, இடுப்பில் விடாத வலி. தாராவியிலோ செம்பூரிலோ ஒருவர் இப்படிச் சொன்னால் அக்கம்பக்கத்தார் உடனே டிபி என்பார்கள். பல டாக்டர்களும் அப்படித்தான் நினைப்பார்கள். மும்பையில் அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அவர் தேவனார் அறுப்புக்கூடத்தில் ஆடு உரிப்பவராகவோ தபேலாவில் எருமை பார்ப்பவராகவோ இருந்தால் புருசெல்லோசிஸையும் நினைக்க வேண்டும். கால்நடையிடமிருந்து வரும் இந்தக் கிருமியின் காய்ச்சல் சில நாள் ஏறி, தணிந்து, அலைபோல் திரும்பும். மூட்டுகளும் முதுகெலும்பும் அதற்குப் பிடித்த இடங்கள்.

“பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்” என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும் என்பது உண்மை. அதனால் டீ குடிப்பவர் தப்பிவிடுவார். தொழிலாளிக்கு ஆபத்து வருவது வேறு வழியில். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் கிருமி ஏராளமாக இருக்கும். விழாமல் நிற்கும் கொடியை வெறுங்கையால் எடுக்கும்போது விரல் கீறல் வழியாகவும், கண்ணில் தெறிக்கும் துளி வழியாகவும், மூச்சு வழியாகவும் அது உள்ளே போகிறது.

“டிபியோ இதுவோ, இரண்டுக்கும் ரிஃபாம்பிசின்தானே?” என்பது இன்னும் சிக்கலான வாதம். டிபி மாத்திரைகளில் புருசெல்லாவைத் தாக்குவது பெரும்பாலும் அது ஒன்றுதான். ஐசோநயாசிடும் பைராசினமைடும் இங்கே உதவாது. அதனால் நோயாளிக்குக் கொஞ்சம் தேறும், டிபி என்ற முடிவு உறுதியானதாகவும் தோன்றும், பிறகு வலி திரும்பும். எம்ஆர்ஐ சில குறிப்புகள் தரும். புருசெல்லா பெரும்பாலும் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளின் விளிம்பை அரிக்கும், எலும்பின் வடிவம் ஓரளவு நிற்கும். டிபியிலோ எலும்பு நொறுங்கிக் கூன் விழுவதும் பெரிய சீழ்க்கட்டி உண்டாவதும் அதிகம். இது மட்டும் போதாது. ரோஸ் பெங்கால் என்ற எளிய ரத்தப் பரிசோதனையில் தொடங்கி, திரட்சிப் பரிசோதனையில் அளவு பார்த்து, ரத்தத்தையோ எலும்புத் திசுவையோ கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். ஆய்வகத்துக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் மெதுவாக வளரும் கிருமி தவறிப்போகலாம். அங்கே வேலை செய்பவருக்கும் தொற்றலாம்.

சிகிச்சையில் ஒற்றை மருந்து போதாது, ஏனென்றால் கிருமி உடலின் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்கிறது. சாதாரணமாக டாக்சிசைக்ளின் 6 வாரம், அதனுடன் அதே 6 வாரமும் ரிஃபாம்பிசின், அல்லது முதல் 2 முதல் 3 வாரம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. முதுகெலும்பு பாதித்தால் குறைந்தது 12 வாரம், பல நேரங்களில் மூன்று மருந்துகள். காய்ச்சல் சில நாளில் நின்றுவிடும். தினக்கூலிக்காரர் மாத்திரையை நிறுத்தத் தோன்றுவதும் அப்போதுதான். நோய் திரும்பினால் அது பெரும்பாலும் அடுத்த ஆறு மாதத்துக்குள்தான். எதிர்ப்பொருள்கள் நீண்ட நாள் ரத்தத்தில் இருப்பதால், பரிசோதனை முடிவு மட்டும் அதைச் சொல்லிவிடாது. காய்ச்சலும் இடுப்பு வலியும் திரும்புகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.