நகைக்கடன் ஏல நோட்டீஸ் வந்தா முதல்ல எந்த வரியைப் படிக்கணும்?

போன மாசம் சரவணம்பட்டியில ஐடி வேலை பார்க்கிற ஒரு தம்பி ஆபீஸுக்கு வந்தார். சொந்த ஊர் அன்னூர். அங்க ஒரு கம்பெனியில அம்மாவோட அஞ்சு பவுன் நகையை வச்சு 1,50,000 ரூபாய் வாங்கியிருக்கார். ஆறு மாசமா வட்டி கட்டல. நோட்டீஸ் ஊர் வீட்டு விலாசத்துக்குப் போய், பத்து நாள் டிவி மேலயே கிடந்திருக்கு.

"அண்ணா, 1,65,734 கட்டணுமாம். இல்லாட்டி ஏலமாம். பர்சனல் லோன் எடுக்கட்டுங்களா?"

அவர் படிச்சது அந்தப் பெரிய தொகையை மட்டும்தான். அதுக்கு மேல இன்னொரு தொகை இருந்துச்சு: நிலுவை வட்டி 15,734. இந்த ரெண்டும் வேற வேற. முதலாவது கடனை முடிச்சு நகையை மீட்க. ரெண்டாவது வட்டிப் பாக்கியைத் தீர்க்க. அவரோட கடன் 12 மாசத்துக்கு. பாதிக் காலம்தான் ஓடியிருக்கு. அதனால பிராஞ்சுக்கு இமெயில்ல ஒரே கேள்வி கேட்கச் சொன்னேன்: "நிலுவை வட்டியைக் கட்டினால் ஏல நடவடிக்கை நிறுத்தப்படுமா?" ஆமாம்னு எழுத்துல பதில் வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பணம் கட்டினார். கடன் காலமே முடிஞ்சு வந்த நோட்டீஸா இருந்தா, வட்டி மட்டும் கட்டினா பெரும்பாலும் போதாதுங்க.

வட்டி ஏன் இவ்வளவு?

மாசம் 1,500 வீதம் 9,000 வரும்னு அவர் கணக்கு. 12 சதவீத வட்டி உரிய தேதியில கட்டுறவங்களுக்கு மட்டும். அவர் எடுத்த ஸ்கீம்ல 90 நாள் தாண்டினா, முதல் நாள்ல இருந்தே 21 சதவீதம். 1,50,000-க்கு 180 நாளுக்கு 21 சதவீதம் போட்டா 15,534. அதோட நோட்டீஸ் செலவு 200. 12 சதவீதத்துல இது 8,877 தான். இந்தப் படிநிலை வட்டி அடகுச் சீட்டுல இருக்கும். நோட்டீஸையும் சீட்டையும் பக்கத்துல வச்சு, நாட்களை எண்ணிப் பாருங்க. அபராத வட்டின்னு தனியா போட்டு, அதுக்கும் வட்டி ஏத்தியிருந்தா கேள்வி கேளுங்க. அபராதக் கட்டணத்துக்கு மேல வட்டி போடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்லயே சொல்லிடுச்சு.

ஏலம் போனா என்ன நஷ்டம்?

ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6-ல் தங்க நகைக்கடனுக்குப் புது விதிகள் கொடுத்துச்சு. 2026 ஏப்ரல் 1-க்குள்ள எல்லா நிறுவனமும் இதுக்கு மாறணும். அதுக்கு முன்னாடி வாங்கின கடனுக்குப் பழைய விதிதான். புது விதிப்படி ஏலத்தின் ஆரம்ப விலை நகையின் அன்றைய மதிப்புல 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ரெண்டு தடவை ஏலம் போகலைன்னா 85 வரை இறங்கலாம்.

தம்பியோட நகை நிகர எடை 38 கிராம். கிராம் 9,000-னு வச்சா மதிப்பு 3,42,000. 90 சதவீதத்துல போனா 3,07,800. அதாவது 15,734 கட்டாததால 34,200 வரைக்கும் போயிடும். செய்கூலி, கல்லு எதுக்கும் மதிப்பு கிடையாது.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. கடன் போக மிச்சம், இங்க சுமார் 1,42,000, உங்க பணம். ஏலப் பணம் முழுசா வந்த 7 வேலை நாளுக்குள்ள கணக்கோட அதைத் திருப்பித் தரணும். "நகை போச்சு, விடு"ன்னு வீட்ல உட்கார்ந்துடாதீங்க.

ஏலத்தின் இடமும் தேதியும்

முதல் ஏலம் பிராஞ்ச் இருக்கிற மாவட்டத்துலயே நடக்கணும். அன்னூர் பிராஞ்ச்னா கோவை மாவட்டம். குறைஞ்சது ரெண்டு பேப்பர்ல விளம்பரம் வரணும், அதுல ஒண்ணு வட்டார மொழியில.

நோட்டீஸ்ல போட்ட கடைசித் தேதி போயிட்டாலும் நேரா பிராஞ்சுக்குப் போங்க. 1872 ஒப்பந்தச் சட்டம் 177-வது பிரிவுப்படி, நகை உண்மையில விற்கப்படுற நிமிஷம் வரைக்கும் பாக்கியையும் அதனால வந்த செலவையும் கட்டி மீட்கலாம். வித்ததுக்கப்புறம் அந்த உரிமை இல்ல.

கணக்கு தப்புன்னு தெரிஞ்சா நிறுவனத்துக்கே முதல்ல எழுத்துல புகார் கொடுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா, இல்ல வந்த பதில் சரியில்லைன்னா, cms.rbi.org.in-ல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம். ஆனா அந்த 30 நாள்ல ஏலத் தேதி வந்துடும். அதனால ஆட்சேபணையை எழுதிக் கொடுத்துட்டு, வட்டியைக் கட்டி நகையைக் காப்பாத்திக்கிட்டு சண்டை போடுங்க.

அந்தத் தம்பி வட்டி கட்டின அன்னைக்கே இன்னொரு வேலையும் செஞ்சார்: பிராஞ்ச்ல இருந்த ஊர் விலாசத்தோட, சரவணம்பட்டி விலாசத்தையும் இப்ப பயன்படுத்துற போன் நம்பரையும் பதிவு பண்ணினார்.